அந்த ஏழரைதாண்ணே இது

கேள்வி: ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சிப் படத்தை எடுத்து எங்கட பஸ்ஸைப் பற்றி ஒரு மீம் செய்தேன். மேலே, ‘எங்கட றூட்டிலை பஸ் நேரத்துக்கு வராது, கேட்டால் சாட்டுச் சொல்லுவினம்’. கீழே, ‘அந்த இன்னொன்னுதாண்ணே இது’. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் போடுகிற அதே படம்தானே, என்ன பிழை?
– வாசகர், கொக்குவில்

பதில்: மேலே நீங்கள் எழுதியது ஒரு முறைப்பாடு. கீழே இருப்பது ஒரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியை நீங்கள் எழுதவேயில்லை.

1989 இல் வந்த படத்தில் நடப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கவுண்டமணி ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதோடு வந்து நிற்கிறார். ஒன்று இங்கே இருக்கிறது, இன்னொன்று எங்கே என்று கேட்டால், அந்த இன்னொன்றுதான் இது என்கிறார். ‘இன்னொன்று’ என்ற சொல்லை இரண்டு பழத்தில் எதற்கும் சொல்லலாம். செந்தில் அந்தச் சின்ன இடைவெளிக்குள் புகுந்துகொள்கிறார். எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான். சொல்லில் பிழை பிடிக்க முடியாது, பழம் மட்டும் ஒன்று குறைகிறது. அடி விழுவதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே அந்தக் காட்சியின் எலும்புக்கூடு இவ்வளவுதான்: வரவேண்டியது இரண்டு, வந்தது ஒன்று, வந்த ஒன்றையே இரண்டு கணக்கிலும் காட்டுகிறான் ஒருவன். இந்தக் கணக்கு உங்கள் விஷயத்தில் இருந்தால் படம் பேசும். இல்லாவிட்டால் எவ்வளவு கோபம் இருந்தாலும் பேசாது. உங்கள் பஸ் விஷயத்தில் அது இருக்கிறது, நீங்கள்தான் அதை எடுக்கவில்லை. ஏழரைக்கு ஒரு பஸ், எட்டுக்கு ஒரு பஸ் என்று நேரம் போட்டிருக்கும். எட்டு மணிக்கு ஒன்று வந்து நிற்கும். இப்போது எழுதிப் பாருங்கள்:

மேலே: ‘எட்டு மணி பஸ் இஞ்சை நிக்குது. ஏழரை எங்கையடா?’
கீழே: ‘அந்த ஏழரைதாண்ணே இது.’

ஒரு சொல்தான் மாறியிருக்கிறது, ‘இன்னொன்னு’ இருந்த இடத்தில் ‘ஏழரை’. வாசிப்பவரின் காதில் பழைய வசனம் கீழே ஓடிக்கொண்டிருக்கும், மேலே புதியது ஓடும். இரண்டும் ஒரே தாளத்தில் போனால்தான் சிரிப்பு வரும். செந்தில் இங்கே கொண்டக்டர் ஆகிவிட்டார், கவுண்டமணி ஹோல்டில் நிற்கும் சனம் ஆகிவிட்டார். ஒரு தலைக்கு மேலும் பெயர் எழுதவேண்டிய தேவை வரவில்லை. பெயர் எழுதினால்தான் விளங்கும் என்றால் வசனம் இன்னும் சரிவரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியை எங்கட பேச்சில் எழுதி, பதிலைப் படத்தின் பேச்சிலேயே விட்டிருப்பதைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தில் மீம் செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ‘தாண்ணே’யை ‘தான் அண்ணை’ என்று மாற்றிப் பாருங்கள், செந்திலின் குரல் போய்விடும். ஆரோ பக்கத்து வீட்டுக்காரர் கதைப்பதுபோல இருக்கும். கேள்வியையும் தமிழ்நாட்டுப் பேச்சில் எழுதினால் அது எங்கட பஸ் இல்லை. எல்லாருக்கும் மனப்பாடமான வரியின் குரலைத் தொடாதீர்கள், மற்றதை எங்கட வாயால் சொல்லுங்கள்.

அதே படத்துக்கு வேறொரு வசனம் போட்டால் காட்சி எப்படித் திரும்புகிறது என்றும் பாருங்கள். மேலே, ‘அம்மா: மா வாங்கின மிச்சக் காசு எங்கை?’ கீழே, ‘அந்த மிச்சக் காசுதாம்மா இது’, கையில் பழத்துக்குப் பதிலாக ஒரு ரோல்ஸ். இதுவும் சிரிப்புத்தான், ஆனால் சிரிப்பு இடம் மாறிவிட்டது. படத்தில் செந்தில் சொன்னது பொய். இங்கே பிள்ளை சொல்வது உண்மை, காசு உண்மையிலேயே ரோல்ஸாகத்தான் மாறியிருக்கிறது. பஸ் மீமில் நாங்கள் ஏமாந்தவர் பக்கம் நிற்கிறோம், இதில் தின்றவன் பக்கம். பழம் ரோல்ஸானதைத் தவிரப் படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று வசனம் தீர்மானித்ததால் வந்த மாற்றம் இது.

எந்த இடத்தில் படத்தை நிறுத்தி எடுக்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். நீங்கள் எடுத்தது கவுண்டமணி அடிக்கப் பாயும் இடம். அதைக் கண்டவுடன் கண்ணுக்குக் கோபம்தான் தெரியும். பழக்கணக்கு பின்னுக்குப் போய்விடும். பழம் தெரிகிற, செந்தில் நேரே பார்த்துப் பதில் சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள். எழுத்தை முகத்திலும் பழத்திலும் ஏற்றவேண்டாம், மேலே ஒரு வெள்ளைப் பட்டை விட்டு அதற்குள் கேள்வியை வையுங்கள். கீழ் வரியைப் படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தில் போடுவதானால் கறுப்புக் கரையை மெல்லிதாக விடுங்கள். தடித்த கரை ண, ன, ணை போன்றவற்றின் சுழிகளை அடைத்துவிடும். வாட்ஸப்பில் நாலு கை மாறும்போது படம் நசிந்து புள்ளிகளும் மறையும். ‘கொ’ என்று அடித்தது கொம்பு வேறு கால் வேறாகச் சிதறித் தெரிந்தால், அந்தச் செயலி தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாதது. வேறொன்றுக்கு மாறுங்கள்.

இன்னொன்று: பார்ப்பவருக்குக் காட்சி தெரிந்திருக்க வேண்டும். 2019 மே மாதம் நேசமணிக்கு நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ‘ஃபிரண்ட்ஸ்’ 2001 இல் வந்த படம், அதில் கொன்ராக்டர் நேசமணியாக வரும் வடிவேலுவின் தலையில் சுத்தியல் விழும். பாகிஸ்தானைச் சேர்ந்த முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் அதற்குச் சுத்தியல் என்று பெயர் சொல்லி, இதுதான் நேசமணியின் தலையை உடைத்தது என்று உண்மைச் செய்திபோல எழுதினார். அவர் இப்போது நலமா என்று அடுத்த கேள்வி வந்தது. பிறகு நேசமணிக்காகப் பிரார்த்திக்கச் சொல்லும் ஹாஷ்டேக் ட்விட்டரில் முன்னணிக்குப் போனது. தமிழருக்கு அது சிரிப்பு. காட்சி தெரியாதவருக்கு மண்டை உடைந்த ஒரு மனிதர். உங்கள் மீம் பெரியப்பாவின் குழுவுக்குப் போகலாம், கனடாவில் பிறந்த மருமகளிடமும் போகலாம். மருமகளுக்கு அந்தப் பழம் வெறும் பழம்தான்.

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய இன்னொரு மீமையும் பார்த்தேன். அதில் செந்திலின் தலைக்கு மேல் ஒரு கொண்டக்டரின் உண்மைப் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காட்சியில் செந்தில் நிற்கும் இடம் மற்றவன் பழத்தைத் தின்றுவிட்டு மறைப்பவனின் இடம். பெயரை ஒட்டியதும் பஸ் பிந்தியதென்ற பேச்சு போய், அந்த ஆள் கள்ளன் என்ற பேச்சு வந்துவிடுகிறது. அவர் காசு எடுத்ததாக நீங்கள் எங்கும் சொல்லவில்லை, படம் சொல்லிவிட்டது. அனுப்பிய குழுவில் அதை அழித்துவிட்டு ஏழரை மணியைப் போடுங்கள்.