35 எண்ணினால் நடையைக் குறையுங்கள், 27 எண்ணினால் புறப்படுங்கள்

கேள்வி: அடுத்த மாதம் மலேசியாவின் குனோங் தஹான் மலை ஏறப் போகிறோம். முதுகுப்பை 14 கிலோ. பயிற்சிக்குப் புக்கிட் தீமா ஏறினாலே பாதியில் மூச்சு வாங்குகிறது. நாடித்துடிப்பைப் பார்த்து ஏறச் சொல்கிறார்கள். எந்த எண்ணில் நிற்பது, எவ்வளவு நேரம் ஓய்வெடுப்பது?

பதில்:

இரண்டு எண்கள் வேண்டும்: தாண்டக் கூடாத எண் ஒன்று, ஓய்வுக்குப் பின் புறப்படுவதற்கான எண் ஒன்று. என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் வயதைப் போட்டுப் பாருங்கள். எனக்கு 46 வயது. 208-இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு ஏறத்தாழ 176. காலையில் படுக்கையிலேயே எண்ணினால் 66. இரண்டுக்கும் இடைவெளி 110. அதில் பத்தில் ஆறு முதல் ஏழு பங்கு வரை எடுத்து 66-உடன் கூட்டினால் 132 முதல் 143 வரை வருகிறது. நாள் முழுக்கச் சுமையோடு ஏற, 140-ஐ எல்லையாக வைத்திருக்கிறேன். அதாவது 15 விநாடிக்கு 35 துடிப்பு. 27-க்கு இறங்கியதும் புறப்படுவேன்.

35-ஐத் தொட்டதும் நிற்க வேண்டும் என்பதில்லை, முதலில் அடியைக் குறுக்குங்கள். செங்குத்தான இடத்தில் பின்கால் முழங்காலை நேராக நீட்டி, சுமையை அந்தக் காலின் எலும்பில் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டபின் அடுத்த அடி வையுங்கள். தொடைத் தசைக்கு ஒவ்வோர் அடியிலும் சிறு ஓய்வு கிடைக்கிறது. இப்படி நடந்தும் துடிப்பு இறங்காவிட்டால் நில்லுங்கள். நின்றதும் எண்ணிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் துடிப்பு இறங்கத் தொடங்கி எண் பொய் சொல்லும். கட்டைவிரலுக்கே துடிப்பு உண்டு, ஆகையால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில் வையுங்கள்.

ஓய்வு எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். அந்த நேரம்தான் உங்களைப் பற்றிய உண்மையைச் சொல்கிறது. தஹானில் முதல் நாள் என்னைவிட இளைய நண்பரின் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஏறினேன். முதல் நிறுத்தத்தில் 27-க்கு இறங்க இரண்டு நிமிடம் ஆனது. மூன்றாவதில் நான்கு நிமிடம். ஐந்தாவதில் ஏழு நிமிடம் நின்றும் 30-க்குக் கீழே வரவில்லை. சட்டை முழுக்க ஈரம், நின்றதும் உடல் குளிர்ந்தது, எழுந்தபோது ஆடுதசை இழுத்துக்கொண்டது. மூச்சு சீராக இருந்ததால் நன்றாக இருக்கிறேன் என்று நம்பிவிட்டேன். ஓய்வு நீண்டுகொண்டே போனதை அன்று கவனித்திருந்தால், மூன்றாவது நிறுத்தத்திலேயே வேகத்தைக் குறைத்திருப்பேன்.

அன்றிலிருந்து எனக்கு மூன்று நிமிடம்தான் அளவு. அதற்குள் 27-க்கு வராவிட்டால், ஏறி வந்த வேகம் அதிகம், அல்லது தண்ணீரும் உப்பும் போதவில்லை. குறுநிறுத்தங்களில் பையைக் கழற்றாதீர்கள். அதன் அடிப்பாகத்தை ஒரு பாறையிலோ விழுந்த மரத்திலோ சாய்த்தால் போதும். 14 கிலோவை மறுபடி தூக்கி மாட்டுவதே துடிப்பை ஏற்றிவிடும். மணிக்கொரு முறை பத்து நிமிடம் கழற்றி வைத்து, சாப்பிட்டு, குடித்து, இடுப்புப் பட்டையைச் சரிசெய்யுங்கள். பாரம் இடுப்பில் இறங்காமல் தோளில் தொங்கினால் அதே வேகத்துக்கும் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும்.

புக்கிட் தீமாவில் உங்களுக்கு மூச்சு வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தொடக்கம்தான். மலை 163 மீட்டர்தான் என்றாலும் பாதை எடுத்த எடுப்பிலேயே செங்குத்தாகிறது. உடல் சூடேறுமுன் அங்கே வேகமாக ஏறினால் பிறகு மீள்வது கடினம். கீழே சமதரையில் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே ஓடுவதால் அதே வேகத்துக்கும் துடிப்பு கூடும். தஹான் அடிவாரக் காடும் அப்படித்தான், எனவே இங்கே பழகுவது வீண் போகாது.

வாரநாட்களில் எங்கள் வீவக புளோக்கின் 12 மாடிப் படிகளில் ஏறுகிறேன். ஒன்றரை லிட்டர் போத்தல்கள் எட்டில் தண்ணீர் நிரப்பினால் 12 கிலோ, பையோடு 14 ஆகிவிடும். மேலே சென்றதும் எண்ணிவிட்டு, மின்தூக்கியில் இறங்குகிறேன். முழங்காலுக்கு நல்லது, அந்த இறக்கமே ஓய்வு. கீழே வரும்போது எத்தனை என்று மறுபடி எண்ணுங்கள். எட்டாவது சுற்றிலும் முதல் சுற்றின் எண்ணே வந்தால் அந்த வேகம் உங்களுடையது.

வயதுக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்து, பதினைந்து துடிப்பு மாறலாம். அதனால் எல்லையை எட்டும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எல்லையை இறக்குங்கள். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு துடிப்பு அவ்வளவாக ஏறாது, அவர்கள் பேச்சை மட்டுமே நம்ப வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ தலைசுற்றலோ துடிப்பு தாறுமாறாக விழுவதோ தெரிந்தால் எந்த எண்ணையும் பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள். அன்று மேலே ஏறாதீர்கள், வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள்.