இரண்டு தோல்வியில் சாம்பியனின் ரேட்டிங் எவ்வளவு இறங்கும்?

கேள்வி: பாம்பன் பக்கம் எட்டு அணிகள் ஆடும் கால்பந்து லீக்குக்கு நான்தான் ரேட்டிங் போடுகிறேன். போன வருட சாம்பியன் ஆட்டத்துக்குச் சராசரியாக 1.2 கோல் முன்னிலை. இந்த வருடம் இரண்டாமிட அணியிடம் 0-1, கடைசிக்கு முந்தைய அணியிடம் 1-3 என்று தோற்றுவிட்டது. பழைய எண்ணை வைத்திருக்கவா, தூக்கிப் போடவா?

பதில்: இரண்டையும் கலக்க வேண்டும். எவ்வளவு கலப்பது என்பதில்தான் விஷயம்.

முதலில் 1.2-ஐ அப்படியே எடுக்காதீர்கள். முதலிடம் பிடித்த அணிக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 0.8 என்று தொடங்கலாம்.

அடுத்து, எதிரணியைக் கணக்கில் சேருங்கள். இரண்டாமிட அணி சராசரி அணியைவிட ஒரு கோல் மேல், அதாவது அதன் ரேட்டிங் +1.0 என்று வைத்தால், அதனிடம் ஒரு கோலில் தோற்றது −1 + 1.0 = 0. அதாவது சராசரி அணியின் ஆட்டம், அவ்வளவு மோசமில்லை. கடைசிக்கு முந்தைய அணிக்கு −0.5 என்று வைத்தால், அதனிடம் இரண்டு கோலில் தோற்றது −2 − 0.5 = −2.5. இரண்டுக்கும் சராசரி −1.25.

இப்போது எடை. உயர்மட்டக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தின் கோல் வித்தியாசம் எதிர்பார்ப்பிலிருந்து சுமார் 1.7 கோல் அங்கே இங்கே போகும். நம் தொடக்க மதிப்போ 0.7 அளவுக்குத் தவறலாம் என்று வைப்போம். இரண்டையும் வர்க்கப்படுத்தி வகுத்தால் ஏறக்குறைய 6 வரும். பழைய ரேட்டிங்குக்கு ஆறு ஆட்டத்தின் எடை உண்டு என்று பொருள்.

```
(6 × 0.8 + 2 × −1.25) ÷ 8 = 0.29
```

ஆக சாம்பியன் சரிந்திருக்கிறது, ஆனால் இன்னும் சராசரிக்கு மேலேதான். ஆறு ஆட்டம் முடிந்தால் பழையதும் புதியதும் சரிபாதி. ஒவ்வொரு வாரமும் 0.8-இலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். போன வார விடையைத் தொடக்க மதிப்பாக்கி எல்லா ஆட்டங்களையும் மறுபடி சேர்த்தால், அதே தோல்வி இரண்டு முறை எண்ணப்படும். 7-0 மாதிரி முடிவு வந்தால் 4 கோலோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் அடிப்பது பெரும்பாலும் எதிரணி மனம் விட்டதால்தான்.

உங்கள் கடற்கரையில் ஒரு சிக்கல் கூடுதல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுப் பையன்கள் கரையில் இருப்பார்கள். தடை முடிந்ததும் பாதிப் பேர் கடலுக்குப் போய்விட்டால், அது போன வாரம் ஆடிய அணியே இல்லை. அப்போது தொடக்க மதிப்பை இறக்குவதோடு எடையையும் 6-இலிருந்து 3 ஆக்க வேண்டும். 0.8-ஐ 0.4 ஆக்கி எடையையும் 3 ஆக்கினால் மேலே உள்ள கணக்கின் விடை −0.26. ஆள் வரிசை தெரியாமல் இந்த வேலை செய்ய முடியாது. டீம் மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள்.

6 உங்கள் லீக்குக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, போன வருட முடிவுகளை எடுங்கள். 3, 6, 10 என்று மாற்றி மாற்றி வைத்து ஒவ்வொரு வாரமும் அடுத்த ஆட்டத்தின் வித்தியாசத்தைக் கணியுங்கள். எதில் பிழையின் வர்க்கச் சராசரி குறைவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு அணி லீக்கில் இந்த மூன்று எடைகளுக்கும் பிழை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தால், 6-இலேயே இருங்கள்.