இரவுக் கடலில் வள்ளம் தெரியவில்லையே: டிவி கேள்வி-பதில்

இரவுக் காட்சிகள் ஒரே இருட்டாக இருக்கின்றன என்று பிரைட்னஸை 50-லிருந்து 65-க்கு ஏற்றினேன். இப்போது படம் சாம்பல் பூத்தது போல இருக்கிறது. (பாம்பன் வாசகர்)

பிரைட்னஸ் என்ற பெயர்தான் ஏமாற்றுகிறது. பெரும்பாலான டிவிகளில் அது கருப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். வெளிச்சத்துக்குப் பேக்லைட் தனியாக இருக்கும். (சில புதிய மாடல்களில் பிரைட்னஸ்தான் பேக்லைட், அங்கே Black Level என்பதைத் தேடுங்கள்.)

AVS HD 709 என்ற இலவசச் சோதனைத் தொகுப்பின் MP4 கோப்புகளைப் பென்டிரைவில் போட்டு, கருப்புக்கான படத்தை ஓட்டுங்கள். எண் போட்ட பட்டைகள் மின்னும். வீடியோவில் 16-தான் கருப்பு. எனவே 16-ம் அதற்குக் கீழே உள்ளவையும் மறைந்திருக்க வேண்டும், 17-லிருந்து மங்கலாகத் தெரிய வேண்டும்.

உங்கள் 65-ல் 16-க்குக் கீழே உள்ள பட்டைகளும் மின்னினால், கருப்பைச் சாம்பலாக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். 20 வரை மறையும் அளவுக்கு இறக்கிவிட்டு, ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். என் வீட்டு டிவியில் 53-ல் 18 தெரிந்தது. 17 கிட்டப் போனால்தான் தெரிந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன்.

விளக்கணைத்த பிறகு, டிவி அரை மணி நேரம் ஓடிய பின், நேர் எதிரே உட்கார்ந்து பாருங்கள். டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் எகோ மோடையும் முதலில் அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒன்று வைக்க, அது ஒன்று மாற்றும்.

பட்டப்பகலில் கடற்கரைக் காட்சி வந்தால் மேகமும் மணலும் ஒரே வெள்ளை. (மண்டபம் வாசகர்)

கான்ட்ராஸ்ட் அதிகம். அதே தொகுப்பில் வெள்ளைக்கான படம் உண்டு. 234 வரை பட்டைகள் பிரிந்து தெரியும் வரை கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். மேல் பட்டைகளில் இளஞ்சிவப்போ மஞ்சளோ ஏறினால், ஒரு நிறம் மட்டும் முன்னதாகவே உச்சத்தைத் தொட்டுவிட்டது. இன்னும் ஓரிரு புள்ளி குறையுங்கள். அப்புறம் கருப்புப் படத்துக்குத் திரும்பிப் பாருங்கள், ஒன்றை மாற்றினால் மற்றது நகரும்.

பென்டிரைவில் சரியாக இருக்கிறது, லேப்டாப்பை இணைத்தால் மட்டும் வெளுக்கிறது. (கீழக்கரை வாசகர்)

பிரைட்னஸைத் தொடாதீர்கள். லேப்டாப் Limited எனப்படும் 16–235 அளவில் அனுப்ப, டிவி அதை Full எனப்படும் 0–255 என்று எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கருப்பு வெளுக்கிறது. இதுவே தலைகீழாக அமைந்தால் நிழல் விவரங்கள் கருப்பில் அப்பிப்போகும். டிவியின் HDMI Black Level-ஐயோ லேப்டாப்பின் Limited/Full-ஐயோ, ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

எல்லாம் செய்தும் மங்கல்தான். ஜன்னல் கடலைப் பார்த்தது. (தொண்டி வாசகர்)

டிவியை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உப்புப் படலம் இருந்தால் வெண்மையாகத் தெரியும். மென்துணியை லேசாக நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். திரையில் நேராகத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். பகலுக்குப் பேக்லைட்டை ஏற்றிக்கொள்ளலாம், இரவில் வைத்த பிரைட்னஸ் அப்படியே இருக்கட்டும்.