லீவு மெயிலில் யாருக்குக் காரணம், யாருக்குத் தேதி?

"சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். அடுத்த மாதம் 4ஆம் தேதி எனக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆப்பரேஷன். நான்கு வாரம் ஓய்வு வேண்டும் என்கிறார் டாக்டர். எங்கள் ஆபீசில் லீவு மெயில் என்றால் எல்லாரையும் Cc போடுவதுதான் பழக்கம். போடாவிட்டால் பெரிய கிராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். போட்டால் சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். என்ன செய்யட்டும் அக்கா?"
- ஒரு வாசகி, பேராக்

அன்புத் தங்கைக்கு,

ஒரு மெயில் போதாது, இரண்டு எழுதுங்கள். ஒன்றில் காரணம் இருக்கட்டும், மற்றதில் தேதி மட்டும் இருக்கட்டும். இரண்டுக்கும் ஆட்கள் வேறு வேறு.

முதல் மெயில் லீவு கேட்பதற்கு. To என்ற இடத்தில் உங்கள் லீவை அனுமதிக்கும் மேனேஜர். Cc-யில் தலைமை அலுவலகத்தில் மனிதவளம் பார்ப்பவர், அவர் ஒருவர் மட்டும். மேனேஜர் தலையாட்டும் வரை வேறு யாரையும் இதில் சேர்க்காதீர்கள். அனுமதி வருவதற்கு முன்பே பத்துப் பேருக்கு நகல் போனால், நீங்களே லீவை முடிவு செய்துவிட்டுச் சும்மா தகவல் சொல்வதுபோல மேனேஜருக்குத் தோன்றும். அவர் தேதியை இரண்டு நாள் தள்ளச் சொன்னால், அதையும் பத்துப் பேரிடம் திருத்திச் சொல்ல வேண்டிவரும்.

மேனேஜருக்கு எவ்வளவு சொல்வது? "3ஆம் தேதி மருத்துவமனையில் சேர்கிறேன், 4ஆம் தேதி அறுவை சிகிச்சை, நான்கு வாரம் ஓய்வு தேவை, மருத்துவரின் கடிதத்தை மனிதவளப் பிரிவுக்குத் தனியாக அனுப்புகிறேன்" என்றால் போதும். எந்த உறுப்பு, என்ன கட்டி என்பது லீவு தருவதற்கு அவருக்குத் தேவைப்படாது. மனிதவளப் பிரிவுக்கு மட்டும் சில நேரம் நோயின் பெயர் வேண்டியிருக்கும், முக்கியமாக தனியார் மருத்துவமனைக்கு கம்பெனி கேரண்டி லெட்டர் கொடுக்க வேண்டியிருந்தால். அதனால் கடிதத்தை மேனேஜருக்குப் போகும் மெயிலில் இணைக்காமல், அந்த ஒருவருக்கு மட்டும் தனி மெயிலில் அனுப்புங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நிலை பற்றிய விவரத்தை உணர்திறன் மிக்க தரவாகவே வைத்திருக்கிறது. அதை எல்லார் மெயிலிலும் போடாமல் இருப்பது மறைத்தல் ஆகாது. எம்.சி. கைக்கு வந்ததும் அதில் நோயின் பெயர் எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளிலும் பில்லிலும் அநேகமாக இருக்கும். அவற்றை ஆபீஸ் ஸ்கேனரில் வைத்துவிட்டு மறந்து வந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பல தோட்டங்களில் அலுவலகத்துக்கென்று ஒரே ஒரு பொது மெயில் முகவரி இருக்கும். முன்மேசையில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரே திறந்து படிப்பார். மேனேஜரின் சொந்த அலுவலக முகவரி என்று நினைத்து அந்தப் பொது முகவரிக்கு அனுப்பிவிட்டால், Cc-யே போடாமல் எல்லாருக்கும் சொன்ன மாதிரிதான். முதல் இரண்டு எழுத்து தட்டியதும் கம்ப்யூட்டர் தானாக நிரப்பும் பெயரை முழுசாகப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

அனுமதி வந்த பிறகு இரண்டாவது மெயில். இதில் யாரைச் சேர்ப்பது என்று யோசிக்கும்போது, மனக்கசப்பை நினைக்காதீர்கள், உங்கள் மேசையில் நிற்கப்போகும் வேலையை நினையுங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்கிறது வேலைச் சட்டம். நீங்கள் 3ஆம் தேதி போகிறீர்கள், மருத்துவமனையில் இருக்கும்போதே 7ஆம் தேதி வந்துவிடும். அப்படியானால் செக்ரோலை மூடிச் சம்பளக் கணக்கை முடிக்கப்போகும் இளைய கிராணி To-வில் இருக்க வேண்டும். வங்கியில் சம்பளத் தொகையை ஏற்றுவது நீங்கள், ஒப்புதல் தருவது அசிஸ்டென்ட் மேனேஜர் என்றால், உங்கள் இடத்தில் யார் ஏற்றுவார் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அவரும் To-வில் வரட்டும். 15ஆம் தேதிக்குள் ஊழியர் சேமநிதி, சொக்சோ பணம் கட்டியாக வேண்டும். அதை அந்த இளைய கிராணியே பார்ப்பார் என்றால் மெயிலில் அந்தத் தேதியையும் எழுதுங்கள். மேனேஜரை Cc-யில் வையுங்கள், பொறுப்பு யாரிடம் போனது என்று அவருக்குத் தெரியட்டும். அவ்வளவுதான், மூன்று பேர். டிவிஷனில் மரம் எண்ணும் கிராணிக்கும், ஸ்டோர் பார்ப்பவருக்கும், எடைமேடையில் இருப்பவருக்கும் உங்கள் லீவால் ஒரு வேலையும் நிற்காது என்றால் அவர்களுக்கு மெயில் தேவையில்லை.

அந்த மெயிலில் இவ்வளவு இருந்தால் போதும்: "அடுத்த மாதம் 3ஆம் தேதி முதல் நான்கு வாரம் லீவில் இருப்பேன். செக்ரோலும் சம்பளமும் இன்னாரிடம், வங்கியில் தொகை ஏற்றுவது இன்னாரிடம், 15ஆம் தேதிச் செலுத்துதல் இன்னாரிடம். 2ஆம் தேதி மதியம் வரை கேள்வி கேட்கலாம்." மருத்துவ லீவு என்றுகூட எழுத வேண்டாம். வெறும் லீவு என்றாலே போதும்.

இதைப் படிக்கும்போது, மேனேஜரின் அனுமதி மெயிலையே அப்படியே Forward செய்துவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றலாம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் ஒரு தோட்ட அலுவலகத்தில் இருந்தேன். மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துபோனது. அதிகாரிக்கு மட்டும் உள்ளது உள்ளபடி எழுதி லீவு கேட்டேன். அவர் நல்ல மனிதர்தான். "இவர் வேலையை நீங்கள் பாருங்கள்" என்று மேலே ஒரு வரி எழுதி, என் மெயிலையே நான்கு பேருக்குத் தள்ளிவிட்டார். கீழே நான் எழுதியது முழுசும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. லீவு முடிந்து வந்தபோது, டவுன் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். அவரிடம் நான் அதுவரை பேசியதே இல்லை. அன்றைக்கு மீன் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அதனால் இரண்டாவது மெயில் புதிதாக ஆரம்பித்த மெயிலாகவே இருக்க வேண்டும், வேறு தலைப்போடு. மேனேஜர் Forward செய்துவிடாமல் இருக்க முதல் மெயிலின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: "பொறுப்பு ஒப்படைக்கும் மெயிலை நானே தனியாக அனுப்புகிறேன், இதைத் தயவுசெய்து பிறருக்கு அனுப்ப வேண்டாம்." அவர் வேலையையும் நீங்களே செய்துவிடுகிறீர்கள் என்பதால் மனம் கோணமாட்டார்.

பெரிய கிராணிக்கு வருவோம். அவரைச் சமாதானப்படுத்த Bcc-யில் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். Bcc-யில் இருப்பவர் பெயர் மற்றவர்களுக்குத் தெரியாது, அது சரி. ஆனால் அவர் Reply All அழுத்தி "நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்று ஒரு வரி எழுதினாலே போதும், To-விலும் Cc-யிலும் இருக்கும் எல்லாருக்கும் அது போகும். அவருக்கு ரகசியமாக நகல் போனது அப்போது வெட்டவெளிச்சமாகும். அதைவிட, அவர் மேசைக்குப் போய் நேரில் சொல்லுங்கள்: "அண்ணே, மூணாம் தேதியிலிருந்து நாலு வாரம் லீவு. சம்பள வேலையைத் தம்பிகிட்ட ஒப்படைச்சிருக்கேன், ஏதாவது தடுமாறினா நீங்க பாத்துக்குங்க." வயதில் மூத்தவருக்கு நேரில் சொன்ன சொல், நகலில் வந்த பெயரைவிடப் பெரிது. "ஏன், உடம்புக்கு என்ன?" என்று கேட்டால், "ஆஸ்பத்திரி வேலை கொஞ்சம் இருக்குண்ணே" என்று அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இதைச் சொல்ல வேண்டிய நாள், இரண்டாவது மெயிலை அனுப்புவதற்கு முந்தைய நாள். மெயில் போன பிறகு மூன்றாம் ஆள் வழியாகக் கேள்விப்படுவதுதான் அவருக்கு வலிக்கும்.

யாராவது Reply All-இல் "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டால், அங்கே பதில் எழுதாதீர்கள். கேட்டவருக்கு மட்டும் Reply அழுத்தி "நலமாகத்தான் இருக்கிறேன், நன்றி" என்று முடியுங்கள். தவறாக யாருக்காவது காரணம் போய்விட்டது என்று அனுப்பிய கையோடு தெரிந்தால், ஜிமெயிலாக இருந்தால் Undo இருக்கிறது, ஆனால் எவ்வளவு நீட்டி வைத்தாலும் 30 வினாடிதான். அவுட்லுக்கில் Recall கம்பெனிக்குள் போன மெயிலுக்குத்தான் வேலை செய்யும், அதற்குள் அவர்கள் திறந்து படித்திருக்கவும் கூடும். இரண்டையும் நம்பி எழுதாதீர்கள்.

தானாகப் பதில் போகும் வசதியை 3ஆம் தேதி காலையில் போடுங்கள். அவுட்லுக்கில் கம்பெனி ஆட்களுக்கு ஒன்று, வெளியாட்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத இடம் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு இளைய கிராணியின் பெயர் போகட்டும். உரம் விற்கும் கடைக்காரருக்கும் லோரி கான்டிராக்டருக்கும் "இந்தத் தேதி வரை இல்லை, அலுவலக எண்ணை அழையுங்கள்" என்பது போதும்.

கடைசியாக, எம்.சி. நீளலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இந்த ஆப்பரேஷனுக்குப் பிறகு காயம் ஆற நேரம் எடுத்து, டாக்டர் ஒரு வாரம் கூட்டிக் கொடுப்பது உண்டு. வேலைச் சட்டத்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை லீவு இருக்கிறது, அதனால் நாள் போதாது என்று பயப்பட வேண்டாம். ஆனால் சீக்லீவு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராமல் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். புது எம்.சி. கிடைத்த அன்றே முதல் மெயிலில் இருந்த அதே இருவருக்கும் தகவல் அனுப்புங்கள், எம்.சி. தாள் மனிதவளப் பிரிவுக்கு மட்டும். மேனேஜர் அப்போது லீவில் இருந்து தானாகப் பதில் வந்தால், அதில் யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாரோ அவருக்கும் உடனே அனுப்புங்கள். Cc-யில் மட்டும் இருந்த ஒருவர் பார்த்திருப்பார், சொல்லியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். நகலில் வந்ததற்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. இளைய கிராணிக்கும் அசிஸ்டென்ட் மேனேஜருக்கும் திரும்பி வரும் புதுத் தேதி மட்டும், ஒரே வரியில்.