எம்பெடிங்: வாக்கியம் எண்ணாவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவி, சேலம்): all-MiniLM-L6-v2 மாடலில் ஒரு வாக்கியத்தைப் போட்டால் 384 எண்கள் வருகின்றன. இவற்றை யார் எழுதி வைத்தார்கள்? ஒரே கருத்துள்ள வாக்கியங்கள் எப்படி அருகருகே வந்துவிடுகின்றன?

பதில்: யாரும் எழுதி வைக்கவில்லை. வாக்கியம் முதலில் சிறு துண்டுகளாக வெட்டப்படும். இவைதான் டோக்கன்கள். ஒவ்வொரு டோக்கனுக்கும் மாடலுக்குள் ஓர் எண் வரிசை உண்டு. 'மாடிப் படி'யில் வரும் படியும் 'ஒரு படி அரிசி'யில் வரும் படியும் உள்ளே நுழையும்போது ஒரே வரிசையோடுதான் நுழையும். பிறகு ஒவ்வோர் அடுக்கிலும் பக்கத்தில் இருக்கும் டோக்கன்களைப் பார்த்துத் தன் எண்களை மாற்றிக்கொண்டே போகும். வெளியே வரும்போது இரண்டு படிகளுக்கும் எண்கள் வேறு. கடைசியில் எல்லா டோக்கன்களுக்கும் சராசரி எடுத்தால் வாக்கியத்துக்கு ஒரே வரிசை கிடைக்கும். அதுதான் எம்பெடிங். மூன்று சொல் வாக்கியமோ முப்பது சொல் வாக்கியமோ, எண்ணிக்கை 384தான்.

அருகருகே வருவது பயிற்சியால். ஒரு கேள்வியும் அதன் பதிலும், ஒரே கேள்வியை இருவர் வேறு சொற்களில் கேட்டது என இப்படிப்பட்ட ஜோடிகளைத் திரட்டுகிறார்கள். நீங்கள் சொன்ன மாடலுக்கு நூறு கோடிக்கும் மேலான ஜோடிகள். அவற்றைக் கட்டுக்கட்டாகக் கொடுத்து, ஜோடியாக இருப்பவற்றை நெருங்க வை, அதே கட்டில் உள்ள மற்றவற்றைத் தள்ளி வை என்று ஒவ்வொரு முறையும் மாடலின் உள் எண்களைக் கொஞ்சம் திருகுகிறார்கள். ஆக, 'அருகில்' என்றால் அந்த ஜோடிகளைத் திரட்டியவர்கள் எதை ஜோடி என்று நினைத்தார்களோ அது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கேள்வி (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்): தூரத்தை அளப்பது பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் அதே முறைதானா?

பதில்: பெரும்பாலும் கோணத்தைத்தான் பார்க்கிறோம் ஐயா, கோசைன். (3,4), (4,3) என்று இரண்டே எண் கொண்ட வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 3×4 + 4×3 = 24. இரண்டின் நீளமும் 5. 24/25 = 0.96, கிட்டத்தட்ட ஒரே திசை. (3,4)க்கும் (4,−3)க்கும் போட்டால் 0. எல்லா வரிசைகளின் நீளத்தையும் 1 ஆக்கிவிட்டால் நீங்கள் சொல்லும் தூரமும் அதே தரவரிசையைத்தான் தரும்.

கேள்வி (இ-சேவை மையம் நடத்துபவர்): அடிக்கடி வரும் கேள்விகளை வைத்து ஒரு தேடல் செய்தேன். 'ரேஷன் கார்டில் பெயர் நீக்குவது எப்படி' என்று தேடினால் 'பெயர் சேர்ப்பது எப்படி' முதலில் வருகிறது. மாடல் paraphrase-multilingual-MiniLM-L12-v2. மாடல் சரியில்லையா?

பதில்: இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன, தனித்தனியாகப் பார்ப்போம்.

ஒன்று, அந்த மாடல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பயிற்சி பெற்றது. குஜராத்தி, மராத்தி, இந்தி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, தமிழ் இல்லை. ஆனால் தமிழைக் கொடுத்தாலும் எந்தப் பிழையும் காட்டாமல் எண்களைத் தந்துவிடும். இதுதான் ஆபத்து. ஒரே பொருளில் இரண்டு, சம்பந்தமே இல்லாமல் ஒன்று என மூன்று வாக்கியங்களை உங்கள் மாடலிலும் LaBSE என்ற இன்னொரு மாடலிலும், பெயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்:

```python
from sentence_transformers import SentenceTransformer, util
m = SentenceTransformer("sentence-transformers/LaBSE")
v = m.encode(["ரேஷன் கார்டில் பெயர் நீக்க வேண்டும்",
              "குடும்ப அட்டையிலிருந்து ஒருவரை எடுக்கணும்",
              "நாளை மழை வருமா"])
print(util.cos_sim(v, v))
```

முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள மதிப்பு, மழை வாக்கியத்தோடு வரும் மதிப்பைவிடத் தெளிவாக மேலே நிற்க வேண்டும். எல்லாம் ஒட்டி ஒட்டி வந்தால் அந்த மாடலுக்குத் தமிழ் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். LaBSEக்குத் தமிழ் தெரியும். ஆனால் அது மொழிபெயர்ப்பு ஜோடிகளில் வளர்ந்தது. ஒரே மொழிக்குள் ஏறக்குறைய ஒத்த வாக்கியங்களை எடைபோடுவதில் கொஞ்சம் சுமார். multilingual-e5-baseஐயும் சேர்த்துச் சோதியுங்கள். அதில் தேடும் கேள்விக்கு முன்னால் `query: `, பதில் பகுதிக்கு முன்னால் `passage: ` என்று சேர்க்க மறக்காதீர்கள்.

இரண்டு, மாடலை மாற்றினாலும் சேர்ப்பதும் நீக்குவதும் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டும் ரேஷன் கார்டு, இரண்டும் பெயர், இரண்டும் விண்ணப்பம். ஒரே சூழலில் புழங்கும் சொற்கள் நெருங்குவது இந்த முறையின் இயல்பு. எதிர்ச்சொற்கள் புழங்குவதும் அதே சூழலில்தான். 'வந்தது', 'வரவில்லை' கதையும் இதேதான். அதனால் எம்பெடிங்கை முதல் சல்லடையாக மட்டும் வையுங்கள். மேலே வரும் பத்தை எடுத்து, கேள்வியையும் பதிலையும் ஒன்றாகச் சேர்த்துப் படித்து மதிப்பெண் போடும் கிராஸ் என்கோடர் ஒன்றுக்குக் கொடுங்கள். உங்கள் அளவுக்கு அதுகூட வேண்டாம். தேடலில் 'நீக்' இருந்தால் 'சேர்' உள்ள விடையைக் கீழே இறக்கு என்று ஒரு வரி நிரல் போதும்.

கேள்வி: 0.8க்கு மேல் வந்தால் ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. e5 வகையில் சம்பந்தமில்லாத வாக்கியங்களுக்கே 0.7க்கு மேல் வரும், அதைச் செய்தவர்களே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எந்த விடை மேலே வருகிறது என்பதைப் பாருங்கள். எல்லைக்கோடு வேண்டுமென்றால் உங்கள் வாக்கியங்களை வைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

கேள்வி: எம்பெடட் சிஸ்டம்ஸ் படித்தால் சென்னையில் வேலை கிடைக்குமா சார்?

பதில்: அது மைக்ரோகன்ட்ரோலர் சங்கதி தம்பி. வேறு இழையில் கேளுங்கள்.

கேள்வி (மென்பொருள் பொறியாளர், கோவை): ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. ஒன்று ஆண்-பெண், ஒன்று அரச பதவி. அதனால்தான் king − man + woman = queen வருகிறது.

பதில்: பாதி சரி. 2013இல் சொற்களை எண் வரிசையாக்கும் word2vec காட்டிய அந்தக் கணக்கு உண்மைதான். ஆனால் விடை தேடும்போது கேள்வியில் உள்ள மூன்று சொற்களையும் விலக்கிவிட்டுத் தேடுவது வழக்கம். விலக்காவிட்டால் பெரும்பாலும் kingதான் திரும்ப வரும். அப்புறம், ஆண்-பெண் வேறுபாடு ஒரு திசையாக இருக்கலாம். அது 17ஆவது எண் என்று தனியாக உட்கார்ந்திருக்காது, பல எண்களில் பரவிக் கிடக்கும். எல்லா வரிசைகளையும் ஒரே மாதிரி சுழற்றிவிட்டால் தனித்தனி எண்கள் எல்லாம் மாறும், கோசைன் ஒன்றுகூட மாறாது.

அவரே மீண்டும்: சுழற்றினாலும் திசை இருக்கிறதல்லவா? அப்படியானால் அர்த்தம் இருக்கிறது என்றுதானே பொருள்?

பதில்: திசைக்கு உண்டு, எண்ணுக்கு இல்லை என்கிறேன்.

கணித ஆசிரியர்: தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அச்சைத் தேர்ந்தெடுப்பது நம் வசதிதானே? திசை தெரிந்தால் அதையே அச்சாக வைத்துவிட்டுப் போகலாம்.

பதில்: வைக்கலாம் ஐயா. ஆனால் அந்தத் திசையைக் கண்டுபிடித்துத் தருவது யார்? ஆண்-பெண் மாதிரி சிலவற்றுக்கு முடிகிறது, பலவற்றுக்கு முடிவதில்லை. நம் மூவருக்கும் மட்டும் ஓர் இழை போட்டு அங்கே சண்டையைத் தொடரலாம்.

கேள்வி: 384 நல்லதா 768 நல்லதா? 0.75 போதுமா?

பதில்: தமிழ் தெரியாத 768ஐவிடத் தமிழ் தெரிந்த 384 மேல். இரண்டாவதுக்கு மேலே பாருங்கள்.

கேள்வி: 40 பக்க பிடிஎஃப் முழுவதற்கும் ஒரே எம்பெடிங் எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் உள்ள எதுவும் தேடலில் சிக்கவில்லை.

பதில்: மாடல் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை. all-MiniLM-L6-v2 256 டோக்கன்களோடு நிறுத்திக்கொள்ளும், மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். தமிழ்ச் சொற்கள் பல துண்டுகளாக உடைவதால் அந்த 256 இன்னும் சீக்கிரம் தீரும். பத்தி பத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எம்பெடிங் எடுங்கள்.

இ-சேவை மையக்காரர் மீண்டும்: e5 போட்டேன், 'நீக்' விதியும் சேர்த்தேன், சரியாக வருகிறது. ஆனால் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். 'peyar neekanum' என்று போட்டால் கண்டபடி வருகிறது.

பதில்: அது இன்னும் யாருக்கும் முழுதாகப் பிடிபடாத இடம். e5க்கு அடிப்படையான XLM-R பார்த்த தரவில் ஆங்கில எழுத்துத் தமிழும் கொஞ்சம் உண்டு, ஆனால் மிகக் கொஞ்சம். தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுவது ஒரு வழி. Neekanum, neekkanum, nikanum என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவதால் மாற்றும்போதே தவறு நுழையும். உங்களிடம் ஏற்கெனவே வந்த தேடல்களை எடுத்து, ஒவ்வொரு விடைக்கும் கீழே அந்த எழுத்துக்கூட்டல்களையும் கூடுதல் கேள்விகளாகச் சேர்த்து எம்பெடிங் எடுங்கள். இப்போதைக்கு நான் அதைத்தான் செய்வேன்.