பதில் வராத உறுதிப்படுத்தல் கடிதங்கள்: கேள்வி பதில்

பயிற்சி மாணவி: தணிக்கைக்காக, ஆண்டிறுதி நிலுவையை உறுதிப்படுத்தும்படி நிறுவனத்தின் ஒரு வாடிக்கையாளருக்கு இருமுறை எழுதியும் பதில் இல்லை. அடுத்து என்ன செய்வது?

முதலில் முகவரி சரிதானா என்று நீங்களே சரிபாருங்கள். அதன் பிறகும் மௌனம் நீடித்தால் மாற்று நடைமுறைகளுக்குச் செல்ல வேண்டும். நிலுவை 8,40,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிந்தபின் அவரிடமிருந்து 6,00,000 வந்திருக்கிறது; ஆனால் பில் வாரியாகப் பொருத்தும்போது அதில் 2,50,000 புதிய ஆண்டின் பில்களுக்கானது என்று தெரிகிறது. ஆகவே வரவு நிரூபிப்பது 3,50,000 மட்டுமே. மீதி 4,90,000-க்கு, வாடிக்கையாளர் கையொப்பமிட்ட டெலிவரி சலான்களை எடுத்துப் பாருங்கள். 3,50,000-க்கு அவை ஒழுங்காக உள்ளன. எஞ்சிய 1,40,000 ஆண்டின் கடைசி நாள் தேதியிட்ட ஒரே பில்; அதன் சலானோ மூன்று நாள் கழித்துத்தான் கையொப்பமாகியிருக்கிறது. சரக்கு வாடிக்கையாளரைச் சேர்ந்தபின்தான் விற்பனை என்பது ஒப்பந்தமானால், அந்த விற்பனை அடுத்த ஆண்டுக்குரியது. மாதிரியில் கண்ட இத்தகைய பிழையை அந்த ஒரு கணக்கோடு நிறுத்தாமல், மாதிரி எடுக்கப்பட்ட மொத்தத்துக்கும் விரித்து மதிப்பிட வேண்டும்.

கணக்கு மேலாளர்: பணம் வந்துவிட்டதே! வங்கி அறிக்கையைக் காட்டினால் போதாதா? பில்லோடு பொருத்தச் சொல்வது வீண் வேலை.

பாதி சரி. மூன்றாம் தரப்பிடமிருந்து வந்த பணம் வலுவான சான்றுதான். ஆயினும் மேலே கண்ட கணக்கில் வங்கி அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் 2,50,000 கூடுதலாக நிரூபணமானதாகத் தோன்றியிருக்கும். பணம் வாடிக்கையாளரிடமிருந்துதான் வந்ததா, அல்லது நிறுவனத்தின் இன்னொரு கணக்கிலிருந்து சுற்றி வந்ததா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

கணக்கு மேலாளர்: எங்கள் வாடிக்கையாளர்கள் பில் எண்ணே குறிப்பிடாமல் முழுத் தொகையாக அனுப்புகிறார்கள். அப்போது?

நியாயமான சிக்கல். பழைய பில் முதலில் தீர்ந்தது என்று கொள்வது வழக்கம். ஆனால் ஒரு பழைய பில்லின்மேல் தகராறு இருந்தால், வாடிக்கையாளர் அதை விட்டுவிட்டுப் புதியவற்றுக்கே பணம் அனுப்பியிருக்கலாம். இந்த வழக்கத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் தணிக்கையாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நான் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துத் தகராறு இல்லையென்று தெளிந்த பின்னரே ஏற்பேன்.

அலுவலக நிர்வாகி: கடிதங்களை நாங்களே அனுப்பிப் பதிலையும் வாங்கித் தருகிறோம் என்றால் தணிக்கையாளர் ஏன் மறுக்கிறார்?

மறுப்பதுதான் சரி. கையொப்பம் உங்களுடையது, அனுப்புவதும் பதிலைப் பெறுவதும் தணிக்கையாளருடைய வேலை. இத்தாலியப் பால்பொருள் நிறுவனமான பார்மலாட் குழுமத்தின் கேமன் தீவுத் துணை நிறுவனம் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் 395 கோடி யூரோ வைத்திருப்பதாகக் காட்டிய கடிதம் போலியானது என்று 2003 டிசம்பரில் அந்த வங்கியே அறிவித்தது. காகிதத்தில் வங்கியின் பெயர் இருக்கிறதா என்பதைவிட, அது எவர் கைவழியே வந்தது என்பதே முக்கியம்.

பயிற்சி மாணவர்: தொலைபேசியில் “தொகை சரி” என்று சொல்லிவிட்டார். குறித்துக்கொள்ளலாமா?

குறிப்பெழுதலாம், அதை உறுதிப்படுத்தலாகக் கொள்ள முடியாது. எழுத்தில் கேளுங்கள், வராவிட்டால் முதல் பதிலைப் பாருங்கள்.

வாசகர்: என் வீட்டுக் கடன் முடிந்தும் வங்கி நிலுவையில்லாச் சான்று தரவில்லை. தணிக்கையாளரிடம் சொல்லலாமா?

இது வேறு விஷயம். வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவை அணுகுங்கள்.

கணக்காளர்: பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதுவோம் என்று கடிதத்திலேயே எழுதிவிட்டால் தொல்லை தீருமே?

பதில் வராததைப் பற்றி இன்றைக்கு இன்னொரு முறை! அத்தகைய கடிதம் உண்டு. சிறு நிலுவைகள் ஏராளமாக, இடர் குறைவாக, வேறுபாடுகள் அரிதாக இருக்கும் இடத்தில் மட்டும், அதுவும் அவர்கள் கடிதத்தைப் படிக்காமல் விடுவார்கள் என்று கருதக் காரணம் இல்லாதபோது மட்டும். கடிதத்தைப் பிரிக்காதவரின் மௌனமும் ஒப்புக்கொண்டவரின் மௌனமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே பெரிய வாடிக்கையாளரிடம் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

கணக்காளர்: இருப்பே இல்லாத வங்கிக் கணக்குக்கும் கடிதம் தேவையா?

தேவை. இருப்பு பூஜ்யமாக இருந்தாலும், அதே வங்கியில் கடன், உத்தரவாதம், அடமானம் இருக்கலாம்.

உள்தணிக்கை அலுவலர்: வங்கியே பதில் தரவில்லையென்றால்?

அனுமதிக் கையொப்பம் வங்கிப் பதிவோடு பொருந்தாதது காரணமாக இருக்கலாம். அப்படியானால் அதைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள். நிறுவன அலுவலர் உங்கள் கண்முன் வங்கித் தளத்தில் நுழைந்து இருப்பைக் காட்டச் செய்யலாம். முகவரிப் பட்டையை நீங்கள் பார்க்க வேண்டும், அவர் அனுப்பும் திரைப்பிடிப்பை ஏற்கக் கூடாது. ஆனால் இது இருப்பை மட்டுமே காட்டும், வெளியே தெரியாத உத்தரவாதங்களைக் காட்டாது. தொகை பெரியதாயிருந்து வேறு சான்றும் கிடைக்காவிட்டால், தணிக்கைக் கருத்துரையில், சான்று கிடைக்காத அந்த வரம்பைக் குறிப்பிட வேண்டும். அதன் தாக்கம் கணக்குகள் முழுவதிலும் பரவக்கூடியதாயின், கருத்துக் கூறுவதையே மறுக்க நேரிடும்.