ரிப்பன் வெட்டிய நாளா, முதல் சரக்கு வந்த நாளா?

கேள்வி: தொழிற்சாலை கட்ட 10% வட்டியில் வங்கியிடம் 6 கோடி ரூபாய் கடன் வாங்கினோம். 2024 ஏப்ரல் 1 அன்று முழுத் தொகையும் கைக்கு வந்தது. செப்டம்பர் 25-இல் இயந்திரங்களை ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் சரக்கும் எடுத்தோம். மூலப்பொருள் வராததால் 2025 ஜனவரி 1-இல்தான் திறப்பு விழா நடத்தி முறையாக உற்பத்தியைத் தொடங்கினோம். டிசம்பர் வரையிலான 45 லட்சம் வட்டியையும் சொத்தின் விலையில் சேர்க்கச் சொல்கிறார் ஆடிட்டர். கடன் பணத்தில் ஒரு பகுதியை ஃபிக்சட் டெபாசிட்டில் வைத்து 2 லட்சம் வட்டி பெற்றோம். அதைக் கழித்துவிட்டு மீதியைச் சேர்க்கலாமா?

பதில்: உங்கள் ஆடிட்டர் திறப்பு விழாத் தேதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 36(1)(iii) பிரிவு வேறொரு நாளைக் கேட்கிறது: சொத்து முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்த நாள். கடன் வாங்கிய நாளிலிருந்து அதுவரை ஓடிய வட்டியைச் செலவாகக் கழிக்க முடியாது. அது சொத்தின் விலையில் சேரும். அதன்பின் ஓடும் வட்டியை விலையில் சேர்க்கக் கூடாது என்று 43(1)-இன் 8-ஆவது விளக்கம் தடுக்கிறது.

சோதனை உற்பத்தியும் பயன்பாடுதான் என்று தேய்மான வழக்கொன்றில் (அஷிமா சின்டெக்ஸ்) குஜராத் உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அதன்படி செப்டம்பர் 25-ஐ நிலைநாட்டினால், விலையில் சேர்வது சுமார் 29 லட்சம் மட்டுமே. ஆண்டு வட்டி 60 லட்சத்தில் மீதி 31 லட்சம் அந்த ஆண்டின் செலவு. இன்னொரு லாபமும் உண்டு. செப்டம்பர் 25 முதல் மார்ச் 31 வரை 188 நாள். 180 நாளைத் தாண்டிவிட்டதால் முழுத் தேய்மானம் கிடைக்கும். ஜனவரி 1 என்றால் 90 நாள்தான், பாதியே கிடைக்கும்.

ஆனால் வெறுமனே மோட்டாரைச் சுழற்றிப் பார்த்தது போதாது. மூலப்பொருள் உள்ளே போய்ச் சரக்கு வெளியே வந்திருக்க வேண்டும். அன்றைய மின் பயன்பாடு, மூலப்பொருள் வழங்கிய பதிவேடு, வெளிவந்த சரக்கின் கணக்கு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வரி அதிகாரி சந்தேகப்பட்டால் முதலில் கேட்பது இவற்றைத்தான். எல்லா இயந்திரங்களும் அன்று ஓடினவா என்றும் பாருங்கள். ஓடாதவற்றுக்குரிய வட்டி அவை ஓடிய நாள் வரை அவற்றின் விலையிலேயே சேரும்.

ஆதாரம் இல்லையென்றால் ஆடிட்டர் சொல்லும் 45 லட்சமே சரி. வட்டியை விலையில் சேர்ப்பதைக் கணக்குப் புத்தகத்தில் செப்டம்பரோடு நிறுத்தியிருந்தாலும் வரிக்கணக்கில் டிசம்பர் வரை தொடர வேண்டும். புத்தகத்தில் எப்படி எழுதியிருந்தாலும் இந்த விதி பொருந்தும் என்று பிரிவே சொல்கிறது. கடனில் நிலமும் வாங்கியிருந்தால் அதற்குரிய வட்டி நிலத்தோடு போகும். நிலத்துக்குத் தேய்மானம் இல்லை; முழு வட்டியையும் இயந்திரத்தின் தலையில் ஏற்றாதீர்கள்.

டெபாசிட் வட்டியைக் கழிக்க முடியாது. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் இதே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது: உபரிப் பணத்தை முதலீடு செய்து பெற்ற வட்டி ‘பிற வருமானம்’. அந்த 2 லட்சத்துக்குத் தனியாக வரி கட்ட வேண்டும். கட்டுமான ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த முன்பணத்துக்கு அவரிடமிருந்து வட்டி வந்திருந்தால் நிலைமை வேறு. அது கட்டுமானத்தோடு பிணைந்தது என்பதால் சொத்தின் விலையைக் குறைக்கும் என்று பொக்காரோ ஸ்டீல் வழக்கில் தீர்ப்பானது.